துரைக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரு சொல்

மணலில் விரலால் எழுதும்வரைதான் பள்ளிக்கூடம் போனேன். ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வருகிற நேரத்தில் நின்றுவிட்டேன். மணலில் பிழை வந்தால் தடவி அழித்துவிடலாம். ஓலையில் கீறியது கீறியதுதான். அந்தப் பயத்திலேயே ஒளிந்துகொள்வேன். வாத்தியார் இரண்டு நாள் பார்த்தார், பிறகு என்னைத் தேடுவதை விட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் ஒல்லாந்தர் கோட்டையில் பேச்சு மாற்றிச் சொல்லும் வேலையில் வைத்தார்கள். வாயிலிருந்து போன வார்த்தையைத் தடவி அழிக்கவும் முடியாது என்பது வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

நான் பெரிய துபாசி இல்லை. பெரிய துபாசி பல்லக்கில் வருவார், துணி வியாபாரம் பேசுவார், என்னைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார். கோட்டைச் சமையற்கட்டுக்கு மீன் சுமந்துபோய், அங்கே இருந்த சமையல்காரனிடம் திட்டு வாங்கி வாங்கி அந்தப் பாஷை எனக்கு வந்தது. அதனால் முதலில் தெரிந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. நல்ல வார்த்தைகளைக் கிடங்குத் துரையிடம்தான் கற்றேன். படகு, மீன், விறகு, சுண்ணாம்பு என்று மணம் வீசும் விஷயங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு, அவருக்கு நான் பொறுப்பு.

கிடங்குத் துரை நல்ல மனிதர். அதுதான் தொல்லை. தண்ணீர் கொடுத்தால் நன்றி சொல்வார். கதவு திறந்தால் நன்றி. குனிந்து அவர் தொப்பியை எடுத்துக் கொடுத்தால் இரண்டு நன்றி. ஏப்பம் விட்டால் மன்னிப்புக் கேட்பார். இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவே நடந்துபோனால் அதற்கும் மன்னிப்பு. அந்த வார்த்தைகள் அவர் வாயில் வெற்றிலை எச்சில் மாதிரி ஊறிக்கொண்டே இருக்கும், துப்பித் துப்பி விடுவார்.

புதிதில் நான் ஒழுங்காக ஒவ்வொன்றையும் மாற்றிச் சொன்னேன். ஒருநாள் ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்திலிருந்து ஒருவர் நல்ல சேற்று நண்டாகப் பார்த்துக் கொண்டுவந்தார். துரை வாயைத் துடைத்துக்கொண்டு வழக்கமானதைச் சொன்னார். நான் நண்டுக்காரரிடம், "நீ செஞ்ச நன்றிய என்னிக்கும் மறக்க மாட்டேன்னு சொல்றாரு" என்று சொன்னேன். அவர் கண் கலங்கி, கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை தன் அக்கா மகனையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு கோட்டை வாசலில் நிற்கிறார்.

"இன்னா விஷயம்?"

"துரை மறக்க மாட்டேன்னாரே. இவங்க ரெண்டு பேருக்கும் உள்ள ஒரு வேலை போட்டுக் குடுக்கச் சொல்லு. நாங்களும் மறக்க மாட்டோம்."

துரைக்கு நண்டே மறந்துபோயிருந்தது.

அந்த மூன்று பேரையும் சமாதானப்படுத்தி அனுப்ப எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. எங்கள் பக்கம் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. வலை இழுக்க ஒருவன் கை கொடுத்தால், அவன் வலைக்கு நாம் கை கொடுப்போம், அவ்வளவுதான். அதை வாயால் சொன்னால் ஒன்று அவன் அந்நியனாகிவிட்டான் என்று பொருள், இல்லாவிட்டால் சாகும்வரை அவனுக்குக் கட்டுப்பட்டேன் என்று பொருள். என் அக்கா சோறு போட்டதும் நன்றி என்று சொல்லிப் பார்த்தால் தெரியும், கரண்டியாலேயே போடுவாள்.

அதற்குப் பிறகு துரை நன்றி என்றால் நான், "நண்டு நல்லா சதையா இருந்துச்சாம்" என்பேன். அல்லது, "சாப்ட்டியானு கேக்குறாரு." கேட்டவனுக்கும் மகிழ்ச்சி, வேலை கேட்டு யாரும் வரவுமில்லை. எதிர்ப்பக்கம் வேறு விதம். பண்டிகைக்கு துரை படகுக்காரர்களுக்குத் துணி கொடுப்பார். அவர்கள் அதை விரித்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, "போன தபா குடுத்தது கெட்டியா இருந்துச்சு, இது இன்னா கொசுவலை கணக்கா கீது?" என்பார்கள். துரை என்னைப் பார்ப்பார். "மிகவும் நன்றி சொல்கிறார்கள், துரை" என்பேன். வாங்கிக்கொண்டு குறையும் சொன்னால் உரிமையோடு வாங்கிக்கொண்டார்கள் என்றுதானே பொருள்? பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அன்று இரவெல்லாம் தூக்கம் வராது.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். மாமாவின் வலை குறுக்கே வந்துவிட்டது.

மாமா என்றால் என் அக்காவின் புருஷன். ஏரியில் அவர்கள் ஊருக்கு என்று பாடு உண்டு. எந்த இடத்தில் யார், எப்போது வலை வைப்பது என்று முறை போட்டு வைத்திருப்பார்கள், அதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் ராஜா இடம். கடலிலிருந்து தண்ணீர் ஏறும்போது இறால் அங்கேதான் முட்டும். அந்த இடத்து முறை ஊரையெல்லாம் சுற்றி ஒருவருக்குத் திரும்ப வர வெகுநாள் ஆகும். மாமா அந்த முறைக்காக ஒரு புதுச் சுத்துவலை பின்னிவைத்திருந்தார். கழிகளை நட்டு வட்டமாகக் கட்டும் வலை அது. அந்த முறையில் வருவதை வைத்துத்தான் மழைக்காலத்துக்குள் வீட்டுக்கூரை மாற்றுவதாக இருந்தது. அக்கா ஓட்டைக்கு நேர் கீழே பானை வைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பார்த்துத்தான் துரைக்கு வாத்து சுட ஆசை வந்தது. பாய்ப்படகில் அவரும் நானும் இரண்டு படகோட்டிகளும். முகத்துவாரம் பக்கம் வாத்து எழும்பியது. துரை எழுந்து நின்று சுக்கானைத் தானே திருப்பினார். "வலை, வலை" என்று நாங்கள் மூன்று பேரும் கத்தினோம். பயத்தில் நான் தமிழில் கத்திவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. படகு வட்டத்தின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. கழிகள் சுள்ளி மாதிரி ஒடிந்தன. வலை சுக்கானில் சிக்கிக் கிழிந்து, வாலாகப் பின்னாலேயே வந்தது. இடுப்பளவு தண்ணீரில் மாமா நின்றுகொண்டிருந்தார்.

துரை தொப்பியைத் தூக்கினார். ஏப்பத்துக்குச் சொல்வாரே, அதே வார்த்தையை அதே குரலில் சொன்னார். வாத்து எந்தப் பக்கம் போயிற்று என்று திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சொல்றான் அந்தக் கஸ்மாலம்?" என்று மாமா கத்தினார்.

எங்கள் ஊர்களில் தப்பு என்பது பேச்சுவாக்கில் வருகிற சொல் இல்லை. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், வாய் திறக்க மாட்டோம். "என் மேல தப்பு" என்பதை ஊர்க்கூட்டத்தில், தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். சொன்னால் அதற்குப் பலன் உண்டு. வலை தானாகப் போனால் முறையும் போச்சு. இன்னொருவன் கெடுத்து, அவன் வாயால் ஒப்புக்கொண்டு, வலை போனவன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால், ஊரே ஒரு முறை பின்னால் தள்ளி வலை போனவனுக்கு முறையைத் திரும்பக் கொடுக்கும். ஆக, துரை சொன்னதை நான் "தப்பு" என்று மாற்றினால் மாமாவுக்கு முறை கிடைக்கும், துரையை மீனவர் கூட்டத்தில் அடகு வைத்ததற்காக என் வேலை போகும். துரையின் குரலுக்கு ஏற்ற எடையில் மாற்றினால் "அடடா" என்பதற்கு மேல் ஒரு குன்றிமணி கூடத் தேறாது.

"அடடான்றாரு, மாமா" என்றேன்.

"அடடாவா? அத வச்சி கூரை போடவா? தப்புனு சொன்னானா இல்லியா, அத சொல்லு."

"காத்துல சரியா கேக்கல, மாமா."

"ஒரே படகுல குந்தினு கீற, கேக்கலியா உனக்கு?"

துரை, "அவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். "நீங்கள் சொன்னது காற்றில் சரியாகக் கேட்கவில்லையாம்" என்றேன். அதுவரை நான் சொன்னது சின்னப் பொய்தான். அதற்கப்புறம்தான் என் புத்தி தன் போக்கில் ஓடியது. அந்தச் சொல் அவர் வாயாலேயே வந்தால் நான் மாற்றிச் சொன்னதாக ஆகாது. "கரைக்கு வந்து, எல்லோரும் இருக்கும்போது இன்னொரு தடவை சொன்னால் நன்றாக இருக்கும் என்கிறார்கள், துரை. அவர்கள் பேச்சிலேயே சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்."

"அவ்வளவுதானா? தாராளமாக" என்றார் துரை. அவருக்கு அதில் செலவே இல்லை.

கரைக்குப் போகும் வழியில் சொல்லிக்கொடுத்தேன். தப்பு. தாப்பூ என்றார். தப்பு. தபூ என்றார். படகோட்டிகள் இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். கரை வருவதற்குள் ஓரளவு தேறிவிட்டது.

அம்மன் கோவில் முன்னால் மணலில் ஊர் கூடியது. ஊர்த் தலைவரை நாட்டார் என்போம். நாட்டார் துரையைப் பார்த்ததும் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் பாதி எழுந்த மாதிரி இருந்தார். துரை நடுவில் போய் நின்றார். தொப்பியைக் கழற்றினார். அவர் ஊரில் கழுதைக்காரன் எதிரே வந்தாலும் கழற்றுவார்களாம், எங்களுக்கு அது தெரியுமா? வெள்ளைக்காரத் தலை வெறும் தலையாக வெயிலில் மின்னியதும் தலைப்பாகை அவிழ்த்ததாகவே கூட்டம் எடுத்துக்கொண்டது.

"தப்பு" என்றார் துரை, கணீரென்று. பிறகு, சரியாகச் சொன்னேனா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு கிழவர் அழுதேவிட்டார். "துரைங்கள்ல இப்டி ஒரு தங்கமா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மாமா வீட்டுக்கு துரையைக் கூட்டிப்போனோம். அக்கா என்னை ஓரமாக இழுத்தாள்.

"டேய், மாடு திங்கறவருக்கு எந்தச் சொம்புல குடுக்கறது? அப்பாலிக்கா நான் எத்தினி தபா புளி போட்டுத் தேய்ப்பேன்?"

"ஏதாவது ஒண்ணுல குடு, அக்கா. ஜல்தி. அவரு மனசு மாறிடப் போவுது."

கொட்டாங்கச்சியில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். குடித்ததும் தூக்கிப் போட்டுவிடலாம் அல்லவா? துரை ஒரே மூச்சில் குடித்து, வாய் துடைத்து, வழக்கம்போல நன்றி சொன்னார். அக்கா, "இன்னா சொல்றாரு?" என்றாள். "தண்ணி தித்திப்பா கீதாம்" என்றேன்.

மாமாவுக்கு முறை திரும்பக் கிடைத்தது. ஊரார் ஆளுக்குக் கொஞ்சம் நூல் கொடுத்து வலையைச் செப்பனிட்டார்கள். அடுத்த நல்ல தண்ணீர் ஏற்றத்தில் அவர் வைக்கலாம் என்று நாட்டார் சொல்லிவிட்டார்.

வினை அப்புறம்தான் ஆரம்பித்தது. துரைக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. தமிழில் அவருக்கு அதுவரை தெரிந்தது வா, போ, கொண்டா, மூன்றும் அதட்டல். இப்போது மரியாதையான ஒரு வார்த்தை கிடைத்த சந்தோஷம். மறுநாள் காலையில் வாசல் நாய் வாலை மிதித்தார். "தப்பு" என்றார். தும்மினார். "தப்பு." வண்ணாரிடம் அழுக்குச் சட்டையை நீட்டும்போது முன்கூட்டியே "தப்பு."

வண்ணார் நேராக என்னிடம் வந்தார். "துரை எங்கிட்ட தப்பு ஒத்துக்கினாரு. இன்னா தப்புனு மட்டும் தெரியல. நீ கேட்டு சொல்லு, அது எவ்ளோ பெருசுனு பாத்துக்கினு நான் பேசறேன்." சமையற்கட்டு எடுபிடி, துரையிடம் போன வருஷம் வாங்கிய திட்டுகளையெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டு வந்தான். தும்மல் தெறித்த காவல்காரன்கூட ஏதோ உரிமை இருப்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தான்.

செய்தி ஏரியைத் தாண்டிப் போய்விட்டது. மாமாவுக்கு முறை கொடுத்ததால் தன் முறை தள்ளிப்போன ஒருவர் இருந்தார். அவர் நாட்டாரிடம் போய்க் கூட்டம் கூட்டச் சொன்னார். மாமா வலை வைக்க வேண்டியது மறுநாள் விடியலில். எனக்கும் ஆள் வந்தது.

"நாட்டாரே, இன்னா பேஜாரு இது?" என்று முறை தள்ளிப்போனவர் ஆரம்பித்தார். "நாய் கிட்ட சொன்ன வார்த்தைய நம்மகிட்டயும் சொல்லிட்டுப் போயிருக்கான். அத நம்பி ஊரு மொத்தமும் ஒரு முறை பின்னால போவணுமா? இவன் மச்சானையே கேளுங்க. அந்தாளு அர்த்தம் தெரிஞ்சுதான் சொன்னானா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாட்டார், "ஆத்தா முன்னால நிக்கிற. பாத்து சொல்லு" என்றார்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த நூலை முறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா பெண்கள் பக்கத்தில் இருந்தாள், பார்க்காமலே தெரிந்தது.

"தெரியாது, நாட்டாரே" என்றேன். "அவங்க ஊருல அது சின்ன வார்த்தை. படகுல இருந்தும் அததான் சொன்னாரு. கரையில நின்னு நம்ம பேச்சுல சொன்னா நல்லா இருக்கும்னு நான்தான் கூட்டியாந்தேன். நம்ம கிட்ட அதுக்கு எவ்ளோ கனம்னு நான் அவருக்கு சொல்லல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "அப்போ முறை செல்லாது" என்று முறை தள்ளிப்போனவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

அப்போதுதான் மாமா எழுந்தார். கூட்டத்தில் பேசுகிற ஆளே இல்லை அவர். வலைக்குள் இறாலிடம் பேசுவார், அதுவும் திட்டுவதற்கு.

"தே, அவன் அர்த்தம் தெரிஞ்சு சொன்னானா தெரியாம சொன்னானா, அது அவனுக்கும் அவன் சாமிக்கும். வலை கிழிஞ்சுது இல்ல? படகு அவனுது இல்ல? அவன் சொன்னான், நான் ஏத்துக்கினேன். என் பொண்டாட்டி தண்ணி குடுத்தா, அவன் குடிச்சான். இப்போ செல்லாதுன்ற. சரி. கோட்டைக்குப் போ. அவன் வாயில வெரல வுட்டு அந்தத் தண்ணிய வெளிய எடுத்தா. அப்பாலிக்கா நான் முறைய வுட்டுர்றேன்."

"கொட்டாங்கச்சியில குடுத்ததெல்லாம் ஒரு தண்ணியா?" என்றார் முறை தள்ளிப்போனவர்.

பெண்கள் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "உன் வூட்டு சொம்ப குடுத்திருக்கறது, நைனா. தேய்ச்சிக் குடுத்திருப்பேன்."

சிரிப்பு எழுந்ததும் அவர் பாதிப் பலம் போய்விட்டது. நாட்டார் கையைத் தூக்கினார். "சொல்றவன் மனசுக்குள்ள பூந்து பாக்கறதா இருந்தா, இந்த ஊருல இதுவரிக்கும் தப்பு ஒத்துக்கினவன் ஒருத்தனும் தேற மாட்டான். நீயே போன மழைக்கு ஒத்துக்கின. பல்ல கடிச்சிக்கினு சொன்ன. நாங்க ஏத்துக்கல?" முறை தள்ளிப்போனவர் தலை குனிந்தார். "ஏத்துக்கினவன் ஏத்துக்கினேன்றான். முறை அவனுது. நாய் இங்க வந்து கேட்டா அதுக்கும் ஒரு முறை பாத்துப் போடுவோம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ முதல்ல அந்த வார்த்தைய அவரு வாயிலேர்ந்து புடுங்கு. ஊர்ல இருக்கற தப்பெல்லாம் அவரே எடுத்துக்கினா நாங்க எங்க போறது?"

மறுநாள் விடியலில் மாமா வலை வைத்தார். தண்ணீர் ஏறியது. முறைக்குச் சண்டை போட்டவரே கழி பிடிக்க வந்து நின்றார், கூடவே திட்டிக்கொண்டும் இருந்தார். வலையின் மடியைத் தூக்கியதும் இறால் துள்ளித் துள்ளி அவர் முகத்திலேயே அடித்தது. கூரைக்குப் போதும் என்ற கணக்கில் மாமா வாயைக் கோணிக்கொண்டு மேலே பார்த்தார். அவருக்கு அதுதான் சிரிப்பு.

வலை பத்திரமாகக் கரை ஏறிய பிறகுதான் நான் துரையிடம் போனேன். முன்னால் போகத் தைரியம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொல்லை எங்கே வைத்து, எப்படி நின்று சொல்வோம், சொன்னால் என்னவாகும் என்று சொன்னேன். அவர் கழுத்திலிருந்து சிவப்பு முகத்துக்கு ஏறியது. வேலை போச்சு என்று நினைத்தேன்.

"அப்படியானால் நான் மீனவர்கள் முன்னால் குற்றவாளியாக நின்றேன்."

"ஆமாம், துரை."

"அது ஏற்கப்பட்டதா?"

"ஏற்கப்பட்டது, துரை. இன்று காலை இறால் வந்துவிட்டது."

எழுந்து ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். "வலையைக் கெடுத்தது நான்தானே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒன்று கேட்க வேண்டும். அந்த வீட்டில் கொடுத்தது எந்தக் கிணற்றுத் தண்ணீர்? அன்றிலிருந்து எனக்கு வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை."

நான் ஓட்டமாக மாமா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மாமா கூடையில் இறாலை அள்ளிக்கொண்டிருந்தார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயய்யோ, அப்போ இப்போ நாம போயி அவருகிட்ட..."

"நாம ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று மாமா வெட்டினார். "அந்த வார்த்த என் வாயில வராது. சொன்னா கோட்டைக்கு ஒரு முறை குடுக்கச் சொல்லுவானுங்க. சுக்கு கீதா பாரு."

பெரிய இறாலாகப் பொறுக்கி ஒரு கூடை, மேலே இலையில் மடித்துச் சுக்கு. என் தலையில் ஏற்றினார். "இத குடு. குடுத்துட்டு எதுவும் பேசாம வந்துடு" என்றார்.

கோட்டை வரை ஒன்றையேதான் நினைத்துக்கொண்டு போனேன். அந்தச் சுக்கு வேலை செய்யாவிட்டால், துரையிடம் போய்த் தப்பு என்று யார் சொல்வது?